குரூப் 4 பயிற்சி: உள்ளாட்சியும் அரசியலமைப்பும்

1. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி தந்த திருத்தம் எது?
அ) 42 ஆ) 73 இ) 74 ஈ) 86
விடை: ஆ. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறை. நகராட்சிகளுக்கு 74, அவசரத்தில் பலர் இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

2. 11ஆம் அட்டவணையில் எத்தனை பொருள்கள்?
அ) 18 ஆ) 22 இ) 29 ஈ) 97
விடை: இ. 18 என்பது நகராட்சிகளுக்கான 12ஆம் அட்டவணை.

3. ஓர் ஊராட்சி, பதவிக்காலம் முடிய 3 ஆண்டுகள் இருக்கும்போதே கலைக்கப்படுகிறது. தேர்தலில் வரும் புதிய ஊராட்சி எவ்வளவு காலம் நீடிக்கும்?
அ) முழு 5 ஆண்டுகள் ஆ) மீதமுள்ள காலம் மட்டும் இ) 6 மாதம் ஈ) ஆளுநர் சொல்லும் வரை
விடை: ஆ. தேர்தலை 6 மாதத்துக்குள் நடத்த வேண்டும் (உறுப்பு 243E). அந்த 6 மாதத்தைப் பதவிக்காலம் என்று நினைத்து ‘இ’யில் விழ வேண்டாம். மீதம் 6 மாதத்துக்கும் குறைவு என்றால் தேர்தலே கட்டாயமில்லை.

4. மாநிலத் தேர்தல் ஆணையரை நியமிப்பவர்?
அ) முதலமைச்சர் ஆ) குடியரசுத் தலைவர் இ) ஆளுநர் ஈ) இந்தியத் தேர்தல் ஆணையம்
விடை: இ. ஆனால் நீக்குவது அவ்வளவு எளிதல்ல. உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறைதான் இவருக்கும்.

5. ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் குறைந்தபட்ச வயது?
அ) 18 ஆ) 21 இ) 25 ஈ) 30
விடை: ஆ.