வாளி ரெண்டு வை: எங்கள் வட்டாரத்துக் குப்பை முழக்கங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற வட்டாரம் எங்களுடையது. ஒரு பக்கம் எறிந்தால் வாவியில் மிதக்கும், மறுபக்கம் எறிந்தால் கடலில் போய் அலையோடு திரும்பி வரும். ஆகவே குப்பையை அடுப்படியிலேயே பிரிக்க வேண்டும். ஒரே பையில் மீன் செதிலும் போத்தலும் பம்பஸும் சேர்ந்துவிட்டால், அதைப் பிறகு எவரும் கைவைத்துப் பிரிக்கப் போவதில்லை.

இந்த முழக்கங்களுக்காகக் கூடின கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: பெரியவர்களைப் பார்த்து ‘வை, கட்டு’ என்று சொல்லலாமா? பாட்டுக்கு அப்படித்தான் வரும். வாசலில் நின்று பேசும்போது மட்டும் ‘வைங்க, கட்டுங்க’ என்று சொல்லுங்கள்.

ட்ரக்டர் ஒலிபெருக்கிக்கு

உக்குற குப்பை ஒரு வாளி,
உக்காத குப்பை மறு வாளி!

செவ்வாய், வெள்ளி வண்டி வரும்,
சோறும் தோலும் ஏற்றி விடும்!
சனிக்கிழமை திரும்ப வரும்,
போத்தல் பையை ஏற்றி விடும்!

சேர்த்துக் கட்டினால் நாறும் பை,
பிரித்துக் கட்டினால் காயும் பை!

ஒழுங்கைக்கு ஒழுங்கை இந்த மூன்றும் போதும். பள்ளிக்கூட வாசலிலும் கோயில் பூசை நேரத்திலும் சத்தத்தைக் குறையுங்கள்.

அடுப்படிச் சுவருக்கு

தேங்காய்ச் சக்கை, கீரைத் தண்டு,
பச்சை வாளி அதுக்கு உண்டு!

மீன் செதிலும் இறால் கோதும் உள்ளே,
மீன் வந்த பை மட்டும் வெளியே!

சாப்பிட்டு முடிந்ததா? சீட்டை விரி!
சோற்றைத் தட்டு, சீட்டைப் பிரி!

யோகட் கப்பை அலசி வை,
எறும்பு வராமல் உலர்த்தி வை!

பிள்ளை பம்பஸ் பச்சை வாளியிலா?
பெத்தா பார்த்தால் சும்மா விடுவாவா?

லஞ்ச் சீட் முழக்கம் சின்னதுதான், ஆனால் மிகவும் தேவையானது. எங்கள் ஒழுங்கையில் கடைச் சோற்றுப் பொதியை அரைவாசி சாப்பிட்டுவிட்டு, குழம்போடு அப்படியே சுருட்டி எறிகிறார்கள். காகம் இழுத்து, நாய் கிழித்து, விடியும்போது மதிலில் பருப்பு அப்பியிருக்கும். சோற்றைத் தட்டிவிட்டு சீட்டை ஒரு தரம் தண்ணீரில் ஆட்டினால், அது நாறாமல் சனிக்கிழமை வரை பைக்குள் கிடக்கும். மீன் வந்த பைக்கும் அதே கதைதான்.

வளவு உள்ள வீட்டுக்கு

வளவு மூலையில் கிடங்கு வெட்டு,
வாழைத் தோலை அதிலே கொட்டு!

கஞ்சல் உக்கினால் கறுப்பு மண்,
கத்தரி காய்க்கும் கடற்கரை மண்!

மீன் தலை போட்டால் மண்ணைப் போடு,
நாய் தோண்டாமல் ஓட்டால் மூடு!

எங்கள் மண் வெறும் மணல். ஊற்றின தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். உக்கின பசளை கலந்தால் ஈரம் பிடித்து நிற்கும். இது ஒரு கிழமையில் நடக்காது, மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். காய்ந்த சருகை இடையிடையே போட்டால் நாற்றமும் இல்லை, புழுவும் இல்லை. அயல்வீட்டு மச்சாளும் சண்டைக்கு வரமாட்டா.

மாரிக்கு முன் ஒட்ட

சிரட்டைக்குள்ளே மாரித் தண்ணி,
நுளம்பு முட்டை இட்டது எண்ணி!
கவிழ்த்து வை, அடுக்கி வை,
அடுப்புக்கு ஆகும், எடுத்து வை!

இதை ஐப்பசி பிறக்கும் முன்னே ஒட்டிவிடுங்கள். டெங்கு நுளம்புக்குக் கிணறும் குளமும் தேவையில்லை. யோகட் கப்பில் தேங்கின மழைத் தண்ணியே போதும்.

அள்ளுகிறவர் கைக்காக

உடைந்த கண்ணாடி தனியாய்க் கட்டு,
அள்ளும் கையில் வேண்டாம் வெட்டு!

பழைய பற்றரி பையில் வேண்டாம்,
பசளைக் கிடங்குப் பக்கமும் வேண்டாம்!

கண்ணாடித் துண்டைப் பழைய பத்திரிகையில் சுற்றி, மேலே பேனையால் ‘கண்ணாடி’ என்று எழுதுங்கள். போன மாதம் எங்கள் வாசலில் ஒரு தம்பி பையைத் தூக்கும்போது, பையின் அடியால் பல்ப் துண்டு வந்து பெருவிரலைக் கிழித்தது. கட்டின கை யாருடையது என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுப் பையாகவும் இருந்திருக்கலாம்.

எரிக்கிறவருக்கு

பொலித்தீன் எரித்தால் போகாது கஞ்சல்,
புகையாய் வந்து புகுந்திடும் நெஞ்சில்!

பின்னேரம் ஆறு மணிக்கு யார் வளவில் புகை வருகிறதோ, அந்த வீட்டு மதிலுக்கு எதிரே ஒட்டினால் போதும். பெயர் எழுத வேண்டாம்.

பாலத்தடிக்கும் வாவிக் கரைக்கும்

மீன் பாடும் வாவியில் பை பாடலாமா?
போத்தலை எறிந்து நீ ஓடலாமா?

வலையை இழுத்தோம், மீன் வரவில்லை,
வந்தது போத்தல், விலை தரவில்லை!

நிலாக் காலத்தில் மீன் பாட்டுக் கேட்கத் தோணியில் போகிறவர்கள் கையில் கச்சான் சரையும் சோடாப் போத்தலும் இருக்கும். முதல் முழக்கம் அவர்களுக்கு. இரண்டாவது தோணிக்காரருக்குப் பிடித்தது. தங்கள் தோணியிலேயே எழுதித் தரச் சொன்னார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு

பச்சை வாளி பழத்தோலுக்கு,
நீல வாளி கடுதாசிக்கு,
செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு,
சிவப்பு வாளி கண்ணாடிக்கு,
மண்ணிறம் பழந் தகரத்துக்கு!

சோறு மணக்கும் சொப்பிங் பை,
யானை வயிற்றில் சிக்கும் பை!

வீட்டில் ஐந்து நிறம் தேவையில்லை. பச்சை வாளி ஒன்று, மற்றதெல்லாம் சேர்க்க இன்னொன்று. அந்தச் சரக்கை மற்ற நாலு நிறத்தில் பிரிப்பது பொது மண்டபத்தடியில். கைதட்டிச் சொல்ல வைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் பாடமாகிவிடும்.

யானை முழக்கத்துக்குக் கதை கேட்பார்கள், சொல்லுங்கள். அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று எட்டு வருடத்தில் ஏறக்குறைய 20 யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. யானைக்குப் பொலித்தீனில் ஆசையில்லை. பைக்குள் இருந்த சோற்று மணம்தான் அதை இழுத்தது. சோறு தனியே போயிருந்தால் பையை அது திரும்பியும் பார்த்திருக்காது.

கடைத்தெருவுக்கு

பெத்தா தந்த பன்பை எடு,
சொப்பிங் பையைக் கடையில் விடு!

சேர்த்து வைத்தால் தகரம் காசு,
எறிந்து விட்டால் தெருவுக்கு மாசு!

20 மைக்ரோனுக்கும் குறைந்த மெல்லிய பைகளும் லஞ்ச் சீட்டும் 2017 செப்டம்பரிலேயே தடையானவை. கடைக்காரரோடு வாக்குவாதம் வேண்டாம். பன்பையை நீட்டுங்கள், அப்புறம் அவரே புரிந்துகொள்வார்.

ஆம்பிளையள் கூடும் இடத்துக்கு

அம்மா பிரிக்க, அப்பா கலக்க,
அயலார் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க!

கூட்டத்தில் இரண்டு பேர் இதை எடுக்கச் சொன்னார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் இருக்கட்டும் என்றார்கள். இருக்கிறது.

வாசல் ஸ்டிக்கருக்கு

இந்த வீட்டில் வாளி ரெண்டு,
எட்டிப் பார்த்தால் கிடங்கும் உண்டு!

ஸ்டிக்கரை முதல் நாளே கொடுக்க வேண்டாம். நாலு கிழமை தொடர்ந்து பிரித்து வைத்த வீட்டுக்கு மட்டும், வண்டியில் வரும் தம்பிமார் கையாலேயே ஒட்டுவது. கிடங்கு இல்லாத வீட்டுக்கு இரண்டாவது வரியை வெட்டிவிட்டு ஒட்டுங்கள், அடுத்த கிழமையே மண்வெட்டி கேட்டு வருவார்கள்.