ஜூலை மாதச் சம்பளத்தில் 'நோ பே' எனக் கழிக்கப்பட்ட 4 நாட்களைத் திருத்தித் தருமாறு கேட்டல்

28.07.2025

மனிதவள முகாமையாளர்,
தலைமை அலுவலகம்,
மட்டக்களப்பு.

கல்முனைக் கிளை முகாமையாளர் ஊடாக

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கல்முனைக் கிளையில் கணக்கு உதவியாளராக 2021 மார்ச் முதல் வேலை செய்கிறேன். எனது ஊழியர் இலக்கம் 214. கடந்த வெள்ளிக்கிழமை, 25ஆம் திகதி, கிடைத்த சம்பளச் சிட்டையில் 'நோ பே 4 நாள்' என்று ரூபா 7,200 கழிக்கப்பட்டிருக்கிறது. அதனோடு வரவு ஊக்கத்தொகை ரூபா 3,000மும் தரப்படவில்லை. அந்த நாட்களுக்கு நான் முன்கூட்டியே லீவு கேட்டு, அனுமதி பெற்றுத்தான் போனேன். அதனால் இந்தக் கழிவைத் திருத்தித் தரும்படி கேட்டு இதை எழுதுகிறேன்.

திருக்கோவிலில் இருக்கும் என் அம்மாவுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கண் பிரிவில் வெண்புரைச் சத்திரசிகிச்சைக்கு ஜூலை 9ஆம் திகதி தந்திருந்தார்கள். முதல் நாளே வார்டில் சேர்க்க வேண்டும், கூட ஒரு ஆள் நிற்க வேண்டும். அம்மாவுக்கு நான் ஒருத்திதான். திகதி தெரிந்தவுடனேயே, ஜூன் 27ஆம் திகதி, லீவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். ஜூலை 8, 9, 11 ஆகிய மூன்று நாட்களுக்கு வருடாந்த லீவு என்று அதில் எழுதியிருக்கிறேன். இடையில் வரும் 10ஆம் திகதி வியாழக்கிழமை எசல போயா, அன்று கிளையே பூட்டு. அதனால் அந்த நாளை நான் கேட்கவில்லை.

கிளை முகாமையாளர் ஜூன் 30ஆம் திகதி 'அனுமதிக்கப்படுகிறது' என்ற இடத்தில் பச்சை மையில் கையொப்பமிட்டு, மேலே திகதி முத்திரையும் குத்தினார். முத்திரை சற்றுச் சரிந்து அவருடைய கையொப்பத்தின் மேல் விழுந்திருக்கிறது, ஆனால் திகதி தெளிவாக வாசிக்கலாம். அந்தப் படிவத்தை அன்று பின்னேரமே ஸ்கேன் செய்து உங்கள் பிரிவுக்கு அனுப்பினோம். மறுநாள் காலை, ஜூலை 1ஆம் திகதி, 'மூன்று நாள் வருடாந்த லீவு கிடைத்தது, மீதி 6' என்று உங்கள் பிரிவிலிருந்து எனக்கு மின்னஞ்சல் பதிலும் வந்தது. எனக்கு இந்த வருடத்துக்கான 14 நாளில் அதுவரை 5 நாள்தான் எடுத்திருந்தேன். மூன்றைக் கழித்தால் மீதி 6 என்ற கணக்கு உங்கள் பதிலிலேயே சரியாக இருக்கிறது.

போவதற்கு முன் என் வேலையையும் அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. 7ஆம் திகதி மாலை அந்த வாரத்து விற்பனைப் பற்றுச்சீட்டுக் கோப்பையும் சில்லறைக் காசுப் பெட்டியின் திறப்பையும் கூட வேலை செய்யும் ஒருவரிடம் எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கினேன். 14ஆம் திகதி திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே வந்து திரும்பப் பொறுப்பெடுத்தேன். அந்தப் பதிவுக் கொப்பி கிளையில் இருக்கிறது.

சம்பளச் சிட்டையைப் பார்த்தவுடன் தொலைபேசியில் விசாரித்தேன். கைரேகை மெசினில் அந்த நாட்களுக்குப் பதிவு இல்லை, சிஸ்டத்திலும் லீவு ஏற்றப்படவில்லை, அதனால் தானாக நோ பே விழுந்துவிட்டது என்று சொன்னார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குப் புரிகிறது. மாத முடிவு நெருக்கடியில் ஒரு படிவம் தவறிப்போவது நடக்கக்கூடியதுதான், நானும் கணக்குப் பிரிவில்தான் இருக்கிறேன். ஆனால் சிஸ்டத்தில் ஏற்றாதது லீவு எடுத்தவரின் பிழை ஆகாது. அனுமதி கிடைத்த லீவு, அனுமதி கிடைத்த லீவுதான்.

போயா நாள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 8, 9, 11 மூன்று நாளும் பதியப்படவில்லை என்பதால் மெசின் நடுவில் இருந்த 10ஆம் திகதியையும் சேர்த்து நாலு நாளாக எண்ணியிருக்கிறது. போயா சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாள். அன்று வேலைக்கு வராதவர் யாருக்கும் நோ பே விழக் கூடாது. கிளையில் அன்று ஒருவரும் வரவில்லை, ஆனால் மற்ற எவருடைய சிட்டையிலும் அந்த நாள் கழியவில்லை. இந்த ஒரு நாள் மட்டும் ரூபா 1,800. மற்ற மூன்று நாட்களைப் பற்றி உங்களுக்கு ஏதாவது கேள்வி இருந்தாலும் கூட, இந்த நாளில் கேள்விக்கே இடமில்லை.

அடுத்தது சேமலாப நிதி. மாதச் சம்பளம் 54,000ஆக இருக்க வேண்டிய இடத்தில் 46,800க்குத்தான் பங்களிப்புக் கணக்கிடப்பட்டிருக்கிறது. என் பக்கம் 8 வீதத்தில் ரூபா 576, நிறுவனத்தின் பக்கம் 12 வீதத்தில் ரூபா 864, ஊழியர் நம்பிக்கை நிதியில் 3 வீதத்தில் ரூபா 216 குறைகிறது. ஜூலைப் பங்களிப்பை ஆகஸ்ட் முடிவதற்குள் செலுத்த வேண்டும் என்பதால், அதற்கு முன் திருத்தினால் அந்தப் பட்டியலிலேயே சரியான தொகையைப் போட்டு அனுப்பிவிடலாம். பிந்தினால் தனியாக ஒரு திருத்தம் அனுப்ப வேண்டி வரும், உங்களுக்கும் வேலை கூடும்.

ஆகவே, கழித்த ரூபா 7,200ஐயும் ஊக்கத்தொகை ரூபா 3,000ஐயும் சேர்த்து, என் சேமலாப நிதிப் பங்கு 576ஐக் கழித்து, ரூபா 9,624ஐ ஆகஸ்ட் 7ஆம் திகதிக்குள் என் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்கிறேன். முறையாக லீவு எடுத்தவருக்கு ஊக்கத்தொகை நிறுத்தப்படுவதில்லை என்பதை நம் கிளையில் இதுவரை நடந்த முறையே காட்டும். லீவுப் பதிவேட்டில் அந்த மூன்று நாட்களையும் வருடாந்த லீவாகப் பதிந்து, 'நோ பே' குறிப்பையும் நீக்கிவிடுங்கள். வருட முடிவில் சம்பள உயர்வு பார்க்கும்போது அந்தக் குறிப்பு என் பெயரில் நிற்பது பணம் குறைவதைவிட எனக்கு மனவருத்தமாக இருக்கும். நாலு வருடத்தில் ஒரு நாள்கூடச் சொல்லாமல் நின்றதில்லை.

அடுத்த மாதச் சம்பளம் வரை பொறுப்பது எனக்கு உண்மையிலேயே கஷ்டம், ஐயா. அம்மாவுக்கு இன்னும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறோம், ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவரை மட்டக்களப்புக்குக் கூட்டி வர வேண்டும். இந்த மாதச் சீட்டுப் பணத்தை அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கித்தான் கட்டினேன்.

கையொப்பமிட்ட லீவுப் படிவத்தின் பிரதி, ஜூலை 1ஆம் திகதி உங்கள் பிரிவு அனுப்பிய மின்னஞ்சல், அம்மாவின் கிளினிக் கொப்பியில் திகதிகள் உள்ள பக்கம், ஜூலைச் சம்பளச் சிட்டை ஆகியவற்றை இதோடு வைத்திருக்கிறேன். மூலப் படிவம் பார்க்க வேண்டுமென்றால் கிளை முகாமையாளரிடம் இருக்கிறது. எந்த நாளில் பணம் வரும் என்பதை மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். நேரில் வர வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், ஏதாவது ஒரு பின்னேரம் கல்முனையிலிருந்து வந்து போகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சுகந்தினி
கணக்கு உதவியாளர், கல்முனைக் கிளை
ஊழியர் இலக்கம் 214