மெக் 2017 பேட்ச்: கோயம்புத்தூர் பக்கம் குவாலிட்டி வேலை தேடறேன்

சீனியர்ஸ், பேட்ச்மேட்ஸ், ஜூனியர்ஸ் எல்லாருக்கும் வணக்கம். இந்த குரூப்ல பொறந்தநாள் வாழ்த்து போடறத தவிர வேற எதுக்கும் எட்டிப் பாக்காத ஆளு நான், இன்னைக்கு நேரா வேலை கேட்டு வந்திருக்கேன், கோச்சுக்காதீங்க. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். "ஜாப் வேணும், ப்ளீஸ் ஹெல்ப்"னு ஒரே வரி போட்டா எல்லாரும் "சிவி அனுப்புங்க"ன்னு ஒரு கமெண்ட் போட்டுட்டு போயிடறோம் (நானும் அப்படித்தான் போட்டிருக்கேன்), அதனால யாருக்கு என்ன ஃபார்வர்ட் பண்ணணும்னு உங்களுக்கே தெளிவா தெரியற மாதிரி எழுதிடறேன்.

மொதல்ல நான் யாருன்னு. மெக்கானிக்கல் பி செக்‌ஷன், டிப்ளமோ முடிச்சுட்டு 2014ல லேட்ரல் என்ட்ரில செகண்ட் இயர் சேர்ந்து 2017ல பாஸ் அவுட். சென்னை வெள்ளத்தப்போ 2015 டிசம்பர்ல செமஸ்டர் எக்ஸாம் தள்ளிப் போச்சே, அந்த செட்டு. மெக்ல பொண்ணுங்க விரல்விட்டு எண்ற அளவுதான் இருந்தோம்ங்கறதால முகம் பாத்தா நிறைய பேருக்கு ஞாபகம் வரும். மெட்ராலஜி லேப்ல சைன் பார் வெச்சுக்கிட்டு எல்லாரும் போனதுக்கு அப்புறமும் உக்காந்திருந்த பொண்ணுன்னா இன்னும் சீக்கிரம் புரியும்.

2017ல ஒரகடம் பக்கம் ஒரு மெஷினிங் கம்பெனில ஜிஇடியா சேர்ந்தேன், கனெக்டிங் ராடு லைன்ல லைன் குவாலிட்டி. 2020ல ஓசூர் வந்தேன், அலுமினியம் டைகாஸ்டிங்ல இருந்து மெஷினிங் வரைக்கும் ஒரே கூரைக்குள்ள பண்ற கம்பெனி, டூவீலர் கிளட்ச் கவர், அப்புறம் இப்ப ரெண்டு மூணு வருஷமா ஈவி மோட்டார் ஹவுசிங். இங்க சீனியர் இன்ஜினியர், கஸ்டமர் குவாலிட்டியும் புது பார்ட் டெவலப்மென்ட்டும் என் பொறுப்பு.

ஏன் மாறறேன்னு எல்லா இன்டர்வியூலயும் கேப்பாங்க, இங்கயே சொல்லிடறேன். எங்க ஹவுசிங் லைன மொத்தமா சாக்கன் பிளான்ட்டுக்கு ஷிஃப்ட் பண்றாங்க. எனக்கு அங்க போஸ்டிங் குடுத்தாங்க, மரியாதையாத்தான் கேட்டாங்க, ஆனா வீட்டுக்காரருக்கு கோயம்புத்தூர்ல வேலை, பையன் யூகேஜி, இப்பவே வாரா வாரம் ஓசூருக்கும் சிங்காநல்லூருக்கும் அலைஞ்சுக்கிட்டு இருக்கோம், இதுல புனேவும் சேந்தா குடும்பம் வாட்ஸ்அப்ல மட்டும்தான் நடக்கும். அதனால வேண்டாம்னுட்டேன். இந்த மாசக் கடைசியில ரிலீவ், அதுக்கப்புறம் உடனே சேர முடியும், நோட்டீஸ் பீரியட் பஞ்சாயத்து எதுவும் இல்ல.

என்னென்ன தெரியும்னா:

ஏபிக்யூபி, பிபிஏபி ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் தனியா பண்ணுவேன், லெவல் 3 சப்மிஷன்லாம் கையில பழகினது. எஃப்எம்இஏ 2019ல வந்த ஏஐஏஜி-விடிஏ ஃபார்மட்ல போடுவேன், அதாவது ஆக்‌ஷன் பிரையாரிட்டி பாத்து, இன்னும் பாதி கம்பெனில ஃபார்மட்ட மட்டும் மாத்திட்டு ஆர்பிஎன் நூறு தாண்டுச்சான்னுதான் பாத்துக்கிட்டு இருக்காங்க. எம்எஸ்ஏ, எஸ்பிசி, மினிடேப். ஜிடி அண்ட் டி நல்லா வரும், டிராயிங்க பாத்து டேட்டம் சரியில்லன்னு டிசைன்காரங்ககிட்டயே மல்லுக்கட்டுவேன்.

சிஎம்எம்ல பிசி-டிமிஸ் புரோகிராம் நானே எழுதுவேன். கான்டூர், ரஃப்னஸ், ஏர் கேஜ் எல்லாம் தினசரி புழக்கம். ஐஏடிஎஃப் 16949 இன்டர்னல் ஆடிட்டர் சர்டிஃபிகேட் இருக்கு. விடிஏ 6.3 டிரெயினிங் மட்டும்தான் போயிருக்கேன், ஆடிட் பண்ணினதில்ல. எஸ்ஏபி குவாலிட்டி மாட்யூல்ல லாட் கிளியர் பண்ற அளவுக்கு தெரியும், அதுக்கு மேல தெரியும்னு சொன்னா பொய்.

பாஷைன்னு பாத்தா தமிழ், இங்கிலீஷ், ஓசூர் புண்ணியத்துல கன்னடம், கொஞ்சம் தெலுங்கு. லைன்ல ஒடிசா, பீகார் பசங்க நிறைய, அதனால ஷாப் ஃப்ளோர் ஹிந்தி சரளமா வரும், "நாப் கே திகாவ்" ரேஞ்சுல.

சிவில "ப்ராப்ளம் சால்விங்"னு எல்லாரும்தான் போடறாங்க, அதனால ஒரே ஒரு கேஸ் மட்டும் சொல்றேன், நான் எப்படி வேலை பாப்பேன்னு அதுல தெரிஞ்சிடும். ஹவுசிங்ல 100 எம்எம் போர், எச்7 டாலரன்ஸ், அதாவது மொத்தம் 35 மைக்ரான்தான் இடம். எங்ககிட்ட எல்லாம் ஓகேன்னு போகுது, கஸ்டமர்கிட்ட போய் பேரிங் அழுத்தும்போது போர் சின்னதா இருக்குன்னு திரும்பி வருது. ரெண்டு பக்கமும் கேலிப்ரேஷன் சர்டிஃபிகேட்ட தூக்கிக் காட்டிக்கிட்டு சண்டை, மெஷின்ல டூல் ஆஃப்செட்ட மாத்துங்கன்னு புரொடக்‌ஷனுக்கு பிரஷர். நான் ஒரு நாள் ஃபுல்லா வாஷிங் மெஷின் பக்கத்துலயே நின்னு பாத்தேன். பார்ட்டு வாஷிங்ல இருந்து சூடா வெளிய வருது, லைன் அவசரத்துல ஆறறதுக்குள்ள எடுத்து கேஜ்ல வெக்கறாங்க. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 23 மைக்ரான் விரியும், அப்போ 100 எம்எம் போர், அளவெடுக்க வேண்டிய 20 டிகிரிய விட பத்து டிகிரி கூட இருந்தாலே 23 மைக்ரான் பெருசாக் காட்டும், இருக்கற 35ல பாதிக்கு மேல அங்கயே காலி. நமக்கு நடுவுல ஜம்முன்னு உக்காந்த ரீடிங்கு அவங்க ஏசி ரூம்ல ஆறினதும் கீழ விழுந்துடுது. அதே பார்ட்ட சூட்டோட ஒரு தடவ, ராத்திரி ரூம்ல வெச்சு காலைல ஒரு தடவ அளந்து ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சதும் மீட்டிங்ல சத்தமே இல்ல. அப்புறம் வாஷிங்குக்கு அடுத்து கூலிங் கன்வேயர், அதே அலுமினியத்துல மாஸ்டர், கன்ட்ரோல் பிளான்ல பார்ட் டெம்பரேச்சர் செக்னு மாத்தினோம். அந்த கம்ப்ளைன்ட் திரும்ப வரல.

இப்ப எந்த மாதிரி வேலை வேணும்ங்கறதுக்கு வரேன். கோயம்புத்தூர்தான் முதல் சாய்ஸ். குறிச்சி, மலுமிச்சம்பட்டி, அரசூர், சின்னியம்பாளையம், பெரியநாயக்கன்பாளையம் எந்தப் பக்கம்னாலும் சரி, பொள்ளாச்சி ரோடும் ஓகே, ஒரு மணி நேர டிராவல் எனக்கு பெரிய விஷயமில்ல. சீனியர் இன்ஜினியர் இல்லன்னா அசிஸ்டன்ட் மேனேஜர் லெவல்ல கஸ்டமர் குவாலிட்டி, சப்ளையர் குவாலிட்டி, புது பார்ட் டெவலப்மென்ட், மெட்ராலஜி லேப் இன்சார்ஜ். ஆட்டோமொபைல்தான் வேணும்னு அடம் இல்ல, நம்ம ஊர்ல பம்பு, வால்வு, கம்ப்ரசர், டெக்ஸ்டைல் மெஷினரி, ஃபவுண்டரி எல்லாம் கொட்டிக் கிடக்கு, காஸ்டிங்கும் போரும் எங்க இருந்தாலும் என் வேலை இருக்கும். ஏரோஸ்பேஸ் பார்ட்ஸ் பண்றவங்ககிட்ட போக ரொம்ப நாள் ஆசை, ஏஎஸ்9100 அனுபவம் கிடையாது, கத்துக்கற வரைக்கும் ஒரு படி கீழ போஸ்ட்ல சேரவும் ரெடி.

சம்பளம்: இப்ப சிடிசி 7.8 லட்சம். ஒன்பது எதிர்பாக்கறேன், ஆனா ஓசூர் சம்பளமும் கோயம்புத்தூர் சம்பளமும் ஒண்ணில்லன்னு தெரியும், வேலை நல்லா இருந்தா இப்ப வாங்கறதே போதும். அதுக்கு கீழன்னா பேசிப் பாக்கலாம், ஆனா பாதிச் சம்பளத்துக்கு "ஃபேமிலி மாதிரி இருக்கும் நம்ம கம்பெனி"ன்னு கூப்பிடறவங்களுக்கு இப்பவே ஒரு கும்பிடு.

இன்னொண்ணும் சொல்லிடறேன். சமீபத்துல ஒரு இடத்துல இன்டர்வியூ போனப்ப டெக்னிக்கல் ரவுண்ட் எல்லாம் நல்லா போயிட்டு கடைசில ஹெச்ஆர் "மேடம், உங்களுக்கு டாக்குமென்டேஷன் டெஸ்க் செட் ஆகும்"னாங்க. டாக்குமென்ட் நான் பண்ணுவேன், எல்லாரையும் விட ஒழுங்காவே பண்ணுவேன், ஆனா ஃபைல் அடுக்கறதுக்கு மட்டும்னா நான் ஆள் இல்ல. ஷிஃப்ட் பாப்பேன், கேப் இருந்தா போதும். கஸ்டமர் பிளான்ட்டுக்கு போய் சார்ட்டிங்ல நிக்கறதும் எனக்கு புதுசில்ல. பேர பாத்துட்டு இதெல்லாம் முடியாதுன்னு யாரும் முன்னாடியே முடிவு பண்ணிட வேண்டாம், ரெஃபர் பண்றப்ப நீங்களே இத ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

இப்ப உங்ககிட்ட நான் கேக்கறது. போர்ட்டல் எல்லாத்துலயும் அப்ளை பண்ணியாச்சு, அந்த லிங்க் அனுப்ப வேண்டாம். எனக்கு வேண்டியது பர்ச்சேஸ்லயும் சப்ளையர் குவாலிட்டிலயும் இருக்கற நம்ம ஆளுங்க. உங்க சப்ளையர்ல எவன் ரிஜெக்‌ஷன்ல மாட்டி வாரா வாரம் 8டி எழுதித் தர முடியாம முழிக்கறான்னு அவங்க ஹெச்ஆருக்கு தெரியறதுக்கு முன்னாடி உங்களுக்குத்தான் தெரியும். அந்த மாதிரி கம்பெனி ஓனர் நம்பர் உங்ககிட்ட இருந்தா "இப்படி ஒரு பொண்ணு இருக்கு, கூப்பிட்டு பேசுங்க"ன்னு சொன்னா போதும், மீதிய நான் பாத்துக்கறேன். ஓப்பனிங்னு அவங்க இன்னும் விளம்பரமே குடுத்திருக்க மாட்டாங்க. ஓப்பனிங் இருக்கற கம்பெனில நீங்களே இருந்தீங்கன்னா இன்டர்னல் ரெஃபரல் போடுங்க, போனஸ் வந்தா அன்னபூர்ணால சாம்பார் இட்லி உங்க செலவு.

சிவி ஒரே பக்கம், பிடிஎஃப் கீழ போட்டிருக்கேன். கேட்டா நான் சொந்தமா பண்ணின மாடல் கன்ட்ரோல் பிளானும் எம்எஸ்ஏ ஷீட்டும் அனுப்பறேன், இப்ப இருக்கற கம்பெனி டிராயிங், டேட்டா மட்டும் கேக்காதீங்க, குடுக்க மாட்டேன்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட், "சொந்த பிசினஸ், மாசம் லட்ச ரூபா", கன்சல்டன்சிக்கு முன்பணம் கட்டினா போஸ்டிங் இதுக்கெல்லாம் இன்பாக்ஸ் வராதீங்க ப்ளீஸ். இந்த முன்பணக் கும்பல் 2023, 2024 பேட்ச் பசங்களத்தான் அதிகமா கூப்பிடறாங்கன்னு கேள்வி, தம்பி தங்கச்சிங்களா, இன்டர்வியூவுக்கு காசு கேட்டா போன வெச்சிடுங்க.

இப்ப ஓசூர்லதான் இருக்கேன், சனி ஞாயிறு கோயம்புத்தூர்ல. நேர்ல இன்டர்வியூன்னா சனிக்கிழமை வெச்சா சுலபம், வீடியோ கால்னா சாயந்திரம் ஆறரைக்கு மேல எப்பன்னாலும். கமெண்ட்ல கம்பெனி பேரு போட சங்கடமா இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.

கடைசியா, எனக்கு இல்ல, என் டீமுக்கு. லைன் ஷிஃப்ட் ஆகறதுல எங்க சிஎம்எம் ஆபரேட்டர் ரெண்டு பேரும் வேலை தேடறாங்க, ரெண்டு பேரும் டிப்ளமோ மெக், ஓசூர் தாண்டி வர முடியாது, சம்பளம் இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல எதிர்பாக்கறாங்க. நம்ம காலேஜ் இல்ல, ஆனா கை சுத்தம், ரீடிங்ல ஏமாத்தத் தெரியாது. ஓசூர், பொம்மசந்திரா, அத்திப்பள்ளி பக்கம் யாருக்காவது ஆள் வேணும்னா சொல்லுங்க, அவங்க நம்பர் தரேன்.