துணிக் கணக்கு மென்பொருள் விளக்கப் படம்: திருத்தி எழுதிய வசனம்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

விளக்கப் படத்துக்கான வசனத்தை முழுவதும் மாற்றி எழுதி அனுப்புகிறேன். முந்தைய வசனம் இரண்டு நிமிடத்துக்குள் 14 வசதிகளைச் சொல்லியது. சலான் பதிவு, லாட் வாரி இருப்பு, பயனர் அனுமதி, கிளவுட் சேமிப்பு என்று அடுக்கிக்கொண்டே போனதால், திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவரால் அதில் எந்த இடத்திலும் தம் கம்பெனியைக் காண முடியவில்லை. உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் கட்டிங் மேசை அருகே உட்கார்ந்து நான் கேட்டறிந்த ஒரு சிக்கலை, அவருடைய ஒப்புதலோடும் பெயரைக் குறிப்பிடாமலும், இப்போது படத்தின் முழுக் கதையாக்கியிருக்கிறேன்.

காட்சி 1: காலை நேரம். கட்டிங் மேசை. மாஸ்டர் துணி ரோல்களை எண்ணுகிறார்.

குரல்: வியாழக்கிழமை காலை. சனிக்கிழமை 3,000 டி-ஷர்ட்டுகள் லாரியில் ஏற வேண்டும். கட்டிங் மாஸ்டர் ரோல்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, உரிமையாளரிடம் வந்து, "துணி பத்தாதுங்க" என்கிறார்.

காட்சி 2: உரிமையாளர் மேசை இழுப்பறையிலிருந்து சலான்களை எடுத்துப் பரப்புகிறார். ஒன்றில் டீக்கறை.

குரல்: நிட்டிங் முடிந்து 26 ரோல்களாகச் சாயப்பட்டறைக்குப் போன கிரே துணி 640 கிலோ. அங்கிருந்து நேராகக் காம்பாக்டிங்கிற்குப் போய், மூன்று தவணையாகத் திரும்பி வந்தது. முதலில் 210 கிலோ, பிறகு 190, கடைசியாக 167. ஒவ்வொரு முறையும் வந்த எடை சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வந்த மூன்றையும் கூட்டி, போனதிலிருந்து கழித்துப் பார்க்க, அந்தப் பரபரப்பில் யாருக்கும் நேரமில்லை.

காட்சி 3: கால்குலேட்டர் திரை அருகில். 567. பிறகு 73.

குரல்: வந்தது 567 கிலோ. குறைவு 73 கிலோ. சாயத்தில் 4 சதவீதம் குறையும் என்று பேசியிருந்தார்கள். அது சுமார் 26 கிலோ. மீதி 47 கிலோ எங்கே? கிலோவுக்கு ஐந்து டி-ஷர்ட் என்று வைத்தால், கையில் இருக்கும் துணியில் 2,835 தான் வரும். ஆர்டரில் 165 குறையும்.

காட்சி 4: உரிமையாளர் தொலைபேசியில் பேசுகிறார். டெம்போ கிளம்புகிறது. காம்பாக்டிங் யூனிட்டின் மூலையில், வேறொரு கம்பெனியின் துணிக்குப் பின்னால் இரண்டு ரோல்கள்.

குரல்: சாயப்பட்டறைக்கு நான்கு முறை போன் செய்து, காம்பாக்டிங்கிற்கு ஆளனுப்பித் தேடியபோது, அந்த 47 கிலோ இரண்டு ரோல்களாக அங்கேயே கிடந்தது. யாரும் ஏமாற்றவில்லை, அது அங்கே இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். துணி வந்து சேர்ந்தபோது மாலை ஆறு மணி. அந்த இரவு கட்டிங்கும் தையலும் ஓவர்டைமில் நடந்தன.

காட்சி 5: அடுத்த மாதம். அதே மேசை. சலானை எழுதுபவர் கணினியில் பதிகிறார்.

குரல்: இப்போது அவர் துணியை அனுப்பும்போதே சலானை எங்கள் மென்பொருளில் பதிகிறார். துணி திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் எடையைப் பதிந்ததும், போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பேசிய சேதாரம் போக யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பது அன்று மாலையே உரிமையாளரின் செல்போனுக்கு வந்துவிடுகிறது.

காட்சி 6: செல்போன் திரை அருகில்: "காம்பாக்டிங்கில் நிலுவை 47 கிலோ".

குரல்: ஜாப் ஒர்க்கிற்கு அனுப்பிய சரக்கு ஓர் ஆண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. அதற்கான ITC-04 கணக்கும் இதே பதிவிலிருந்தே எடுக்கப்படுகிறது. உங்கள் கம்பெனியில் கடைசியாக முடிந்த ஒரு லாட்டின் சலான்களை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே பதிந்து, நிலுவை இருக்கிறதா என்று காட்டுகிறோம்.

வசனம் இத்துடன் முடிகிறது.

விடுபட்ட வசதிகளை இணையதளத்தின் தனிப் பக்கத்தில் வைக்கலாம். வாங்க முடிவு செய்தவர் அங்கே நிதானமாகப் படிப்பார். ITC-04 பற்றிய வரியை மட்டும் நான் விடவில்லை, ஏனெனில் கணக்காளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும். காட்சி 4-இல் "யாரும் ஏமாற்றவில்லை" என்ற சொற்களைத் தயவுசெய்து நீக்க வேண்டாம். சாயப்பட்டறைக்காரர்களும் இந்தப் படத்தைப் பார்ப்பார்கள். அவர்களைக் குற்றவாளியாக்கும் படத்தை ஒரு பனியன் கம்பெனிக்காரர் பத்துப் பேர் நடுவில் போட்டுக் காட்ட மாட்டார்.

காட்சி 6-இல் வரும் செல்போன் திரை உங்கள் செயலியில் இப்போது தோன்றும் திரையாகவே இருக்க வேண்டும். அதில் "நிலுவை" என்ற சொல்லுக்குப் பதிலாக "பேலன்ஸ்" என்று இருந்தால் தெரிவியுங்கள், குரல் பதிவுக்கு முன் வசனத்தை மாற்றித் தருகிறேன்.