சோலார் நீர்ப்பம்பு: தோட்டக்காரருக்கு எடுக்கும் அழைப்புக்கான பேச்சு

களுவாஞ்சிகுடிச் சந்தையில் எங்கள் மேசைக்கு வந்து எண் எழுதித் தந்த களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம், அக்கரைப்பற்று, நிந்தவூர்த் தோட்டக்காரருக்கு மட்டும். காலையில் தண்ணி கட்டுற நேரம் எடுக்க வேண்டாம். பகல் 11 மணிக்குப் பிறகு, அல்லது இரவு 7 மணிக்குப் பிறகு.

எங்கள் பம்பு விளக்கத்தின் 14 ஸ்லைட்டில் இருந்து எடுத்த பேச்சு இது. அதில் முதல் 4 ஸ்லைட் கம்பனிக் கதை. அழைப்பில் அதற்கு இடமில்லை. 5ஆவது, எண்ணெய்ச் செலவு வரைபடம். போனில் வரைபடத்தைக் காட்ட முடியாது, அதனால் அது கீழே கேள்வியாக மாறியிருக்கிறது. விலை (11ஆவது) கடைசியில் வரும்.

தொடக்கம்

“வணக்கம் அண்ணன். போன சனிக்கிழமை களுவாஞ்சிகுடிச் சந்தையில சோலார் பம்ப் பார்த்திட்டு நம்பர் தந்தீங்க, அங்க இருந்துதான் கதைக்கிறன். இப்ப 5 நிமிசம் கதைக்க ஏலுமா, இல்ல பிறகு எடுக்கட்டா?”

பிறகு எடு என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அந்த நேரத்துக்கே எடுங்கள். அக்கரைப்பற்று, நிந்தவூர்ப் பட்டியலுக்கு: “அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா” என்று தொடங்குங்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் எடுக்க வேண்டாம்.

“உங்கட கிணத்துக்கு இது சரிவருமா எண்டு பார்க்கத்தான் எடுத்தனான். சரிவராட்டி அதையும் சொல்லிருவன்.”

கேள்விகள்

ஒன்றைக் கேட்டால் பதில் முடியும்வரை பேசாமல் இருங்கள். அவர் யோசிக்கும் இடைவெளியில் பம்பின் பெருமை பேசுவதுதான் நாம் அதிகம் விடும் பிழை.

“இப்ப என்ன பயிர் அண்ணன், எவ்வளவு நிலத்துல?”

1 ஏக்கருக்கு வெயில் காலத்தில் நாளைக்குச் சுமார் 20,000 லீட்டர் போகும். அதற்குள் என்றால் 1 குதிரைவலு போதும்.

“தண்ணி எதால இறைக்கிறீங்க? ஒரு நாளைக்கு எத்தனை லீட்டர் எண்ணெய் போகுது? மாசத்துல எத்தனை நாள்?”

கணக்கை அவர் வாயாலேயே வரவிடுங்கள். நாளைக்கு 3 லீட்டர், 20 நாள் என்றால்: “அப்ப மாசம் 60 லீட்டர். கடைசியா அடிச்ச விலைக்கு அது எவ்வளவு வரும்?” அவர் சொல்லும் தொகையை எழுதிவையுங்கள், முடிவில் வேண்டும்.

“கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல கிணத்துல தண்ணி எத்தனை அடிக்கு இறங்கும்? இறைக்க இறைக்க வத்துமா, மணல் கலங்குமா?”

மணல் வந்தால் பம்பின் உள்சக்கரம் தேயும். வற்றினால் தண்ணியில்லாமல் ஓடிச் சூடேறும். இரண்டையும் கிணறு பார்க்கப் போகிறவரிடம் சொல்ல வேண்டும்.

“தண்ணி உவர்க்குமா?”

“கிணத்தைச் சுத்தித் தென்னை நிக்குதா? காலை 9 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் இடையில நிழல் விழாத இடம் ஒரு அறை அளவுக்கு இருக்கா?”

இதுதான் மிக முக்கியமான கேள்வி. தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றின் மேல் ஓலை நிழல் விழுந்தாலே மற்றதெல்லாவற்றின் மின்னும் குறையும். வெளி இல்லையென்றால், “இப்ப உங்களுக்கு இது வேண்டாம் அண்ணன்” என்று சொல்லி முடியுங்கள்.

பொருளைச் சொல்லும் இடம்

“உங்கட முக்கால் ஏக்கருக்கு 3 தகடும் 1 பம்பும் காணும். உச்சி வெயில்ல ஆயிரம் லீட்டர் டேங்க் 8 நிமிசத்துல நிரம்பும். காலையும் பின்னேரமும் அதில பாதித் தண்ணிதான் வரும்.”

மேகம் பற்றிக் கேட்பார்கள். “ஓம், மாரியில குறையும். ஆனா மழை பெய்யிற நாளையில தோட்டத்துக்கு இறைப்பும் குறைவுதானே. பழைய பம்பை வித்திராதீங்க, அவசரத்துக்கு இருக்கட்டும்.” இரவில் இறைக்குமா என்றால் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

“பொருத்துக்கூலியோட 390,000 ரூபா. முற்பணம் 117,000, மிச்சம் தண்ணி வந்த பிறகு. மாசம் எண்ணெய்க்கு எவ்வளவு எண்டு முதல் சொன்னீங்களே, அதால இதைப் பிரிச்சுப் பாருங்க.”

“கூட” என்றால் உடனே விலை குறைக்க வேண்டாம். “எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க அண்ணன்?” என்று கேளுங்கள். பலர் பம்பின் தனி விலையைத்தான் நினைத்திருப்பார்கள். தகடு, இரும்புத்தாங்கி, வயர், மின்னல் காப்பு எல்லாம் சேர்ந்த விலை என்று விளக்குங்கள்.

முடிப்பு

போனில் பம்பை விற்க வேண்டாம். கிணறு பார்க்கும் நாள் ஒன்று கிடைத்தால் அழைப்பு முடிந்தது.

“எங்கட ஆள் வந்து கிணத்தையும் நிழலையும் அளந்து பார்ப்பார், காசில்ல. செவ்வாய்க்கிழமை பகல் 12 மணியா, புதன்கிழமையா வசதி?”

“நல்லம், செவ்வாய் 12 மணி. வீட்டில காசு விசயம் முடிவெடுக்கிறவங்களும் அந்த நேரம் நிண்டா நல்லம். கிணத்தையும் சுத்தி நிக்கிற மரத்தையும் ஒரு படம் எடுத்து இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில அனுப்புங்க. திங்கள் பின்னேரம் ஞாபகப்படுத்தி எடுப்பன். சரி அண்ணன், வைக்கிறன்.”