மகேஸ்வரிக்கான சிபாரிசுக் கடிதம் (ஆங்கிலத்தில் முறையாக எழுதி லெட்டர்ஹெட்டில் எடுக்க)

திருப்பூர்
30.10.2025

பிரியா அம்மணிக்கு,

நம்ம குவாலிட்டி இன்சார்ஜ் மகேஸ்வரி நாளையோடு நிற்கிறாள் அல்லவா, ஜோர்டானில் உள்ள ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சிபாரிசுக் கடிதம் கேட்டிருக்கிறார்களாம். எனக்கு மனதில் இருப்பதைத் தமிழில் எழுதினால்தான் வரும். கீழே எழுதியிருக்கிறேன். நீ ஏற்றுமதி டாக்குமெண்ட் எல்லாம் தயார் செய்கிற கையோடு இதையும் நல்ல ஆங்கிலத்தில் போட்டுக் கொடு. மரியாதை நடையில் இருக்கட்டும், ஆனால் விஷயம் எதையும் விட்டுவிடாதே.

---

மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

ப. மகேஸ்வரி எங்கள் பனியன் கம்பெனியில் 2012 ஜூன் மாதம் கைமடியாகச் சேர்ந்தார். ஆறு மாதத்தில் செக்கிங் டேபிளுக்கு வந்தார், அப்புறம் லைன் குவாலிட்டி, 2018-இலிருந்து மொத்த யூனிட்டுக்கும் குவாலிட்டி இன்சார்ஜ். எங்களிடம் சுமார் 140 பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் குழந்தைகள் உடுப்பும் டி-சர்ட்டும்தான் தைக்கிறோம். கடைசியாக அவர் வாங்கிய சம்பளம் மாதம் 24,000 ரூபாய். 2025 அக்டோபர் 31 அவருக்கு இங்கே கடைசி நாள்.

ஏன் போகிறார் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆர்டரில் பெரும் பங்கு அமெரிக்கா. ஆகஸ்ட் 27-ஆம் தேதி அங்கே இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதம் ஆனதிலிருந்து பாதி டேபிள் சும்மா கிடக்கிறது, இரண்டு ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒன்று ஓடுவதே பெரிய விஷயம். அவருக்கு இந்த வருடம் கொடுத்திருக்க வேண்டிய சம்பள உயர்வை என்னால் கொடுக்க முடியவில்லை. சண்டை இல்லை, புகார் இல்லை, முறையாக ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார். ஆர்டர் பழையபடி இருந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

அவருடைய வேலை எப்படி என்பதற்குப் பொதுவாகப் பாராட்டி எழுதுவதை விட நடந்த இரண்டைச் சொல்கிறேன்.

ஒரு தடவை குழந்தைகளின் பாடிசூட் ஆர்டர், மறுநாள் காலை சரக்கு தூத்துக்குடிக்குப் போயாக வேண்டும். சாயங்காலம் ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகளைச் சேர்த்து ரிஜிஸ்டரில் ஒட்டியபோது நுனி மட்டும் காணோம். மெஷினுக்கு அடியில், தரையில், டைலரின் துணி மடிப்பில் எல்லாம் காந்தம் வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. பேக்கிங் ஆட்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள், லாரிக்காரர் போன் மேல் போன். மெர்ச்சண்டைசர் வந்து, எங்காவது குப்பையில் விழுந்திருக்கும், லைனை ஓட்டுங்கள் என்கிறார். மகேஸ்வரி அந்த மெஷினை அணைத்து, அதில் அன்று தைத்த பண்டில் அத்தனையையும் தனியாகப் பிரித்து நூல் கட்டி வைத்துவிட்டு, ஒவ்வொரு பீஸாக மெட்டல் டிடெக்டரில் விட்டார். இரவு பத்தரை மணிக்கு ஒரு கைப்பகுதித் தையலுக்குள் நுனி சிக்கியிருந்தது கிடைத்தது. அதையும் ரிஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மெஷின் ஓடியது. ஆறு மாதக் குழந்தை போட்டுக்கொள்கிற உடுப்பு அது. லாரி கொஞ்சம் லேட்டாகப் போனது, அவ்வளவுதான்.

இன்னொன்று துணி விஷயம். 180 ஜிஎஸ்எம் கேட்ட பையருக்கு காம்பாக்டிங்கிலிருந்து துணி வந்தது. பார்க்கவும் தொடவும் ஒரு குறையும் தெரியாது. இவர் ரோலுக்கு ரோல் வட்டக் கட்டரில் வெட்டித் தராசில் வைத்தார். அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், 1.80 கிராம் இருக்க வேண்டியது சில ரோலில் 1.68-தான் நின்றது. கட்டிங் மாஸ்டர் மேசையில் துணியை விரிக்கத் தொடங்கிவிட்டார், அதற்குள் நிறுத்தி ரோலைத் திருப்பி அனுப்பினார். வெட்டிய பிறகு தெரிந்திருந்தால் அந்தத் துணியை என்ன செய்வது? ஜாப் ஒர்க் ஆட்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்வதா, பையரிடம் தள்ளுபடி கொடுப்பதா? இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பையரின் ஆள் வந்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணும்போது ஏக்யூஎல் 2.5 கணக்கில் 4,800 பீஸ் லாட்டுக்கு 200 பீஸ் எடுப்பார்கள், பத்து மேஜர் டேமேஜ் வரை பாஸ், பதினொன்று வந்தால் ஃபெயில். மகேஸ்வரி அதே கணக்கில் முந்தின நாளே எடுத்துப் பார்த்துவிடுவார், அதுவும் மேலே இருக்கிற பெட்டியை விட்டுவிட்டு அடியில் இருப்பதை இழுத்து. அவர் பொறுப்பேற்ற பின் ஃபெயில் ஆனது மிக அபூர்வம்.

படிப்பு பத்தாம் வகுப்பு. டெக் பேக்கை யார் உதவியும் இல்லாமல் வாசித்து அளவுகளைச் சரிபார்ப்பார், ஆங்கிலம் பேசுவது மட்டும் மெதுவாகத்தான் வரும். இங்கே பீகார், ஒடிசா பிள்ளைகளோடு வேலை செய்து இந்தி நன்றாகப் பேசுகிறார், உங்கள் லைனில் பல நாட்டு ஆட்கள் இருப்பார்கள் என்பதால் அது உதவும். கம்ப்யூட்டரில் எக்ஸெல் ஷீட் போடுவதற்கு இன்னும் பழக வேண்டும், தினசரி ரிப்போர்ட்டைக் கையால் எழுதியே பழகியவர்.

ஒரு குறையையும் மறைக்க விரும்பவில்லை. அவசரத்தில் குரல் உயரும். டைலர்கள் இரண்டு பேர் என்னிடம் வந்து வருத்தப்பட்டதுண்டு. ஆனால் அதே டைலர்கள் வீட்டில் விசேஷம் என்றால் முதலில் பத்திரிகை வைப்பது இவருக்குத்தான். ஆளைப் பார்த்து டேமேஜ் போடமாட்டார், என் தம்பி மகன் தைத்த பீஸையும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பியவர்.

குவாலிட்டி பொறுப்புக்கு அவரை முழு மனதோடு சிபாரிசு செய்கிறேன். ஒரு யூனிட்டை மட்டுமல்ல, இரண்டு யூனிட்டைச் சேர்த்துக் கொடுத்தாலும் பார்த்துக்கொள்வார். மேலும் ஏதாவது கேட்க வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள், நானே பேசுகிறேன்.

இப்படிக்கு,
ரா. சண்முகம்
நிர்வாகப் பங்குதாரர்

---

அம்மணி, இனி உனக்கு. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயரை எழுது. நம்ம ரிஜிஸ்டரில் இனிஷியல் மட்டும்தான் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் விசா ஆபீசில் திருப்பிவிடுவார்கள். சேர்ந்த தேதியை பிஎஃப் கணக்கில் இருப்பதோடு ஒத்துப் பார். "கைமடி" என்பதை ஹெல்பர் என்று போட்டால் போதும்.

ஊசி விஷயத்தை முழுசாகப் போடு, சுருக்கிவிடாதே, அவர்களுக்கு அதுதான் முக்கியம். மெர்ச்சண்டைசர் சொன்னதை மட்டும் எடுத்துவிடு, அவன் நம்மிடம்தான் இன்னும் இருக்கிறான். தம்பி மகன் கதையும் ஆங்கிலத்தில் வேண்டாம், பாரபட்சம் பார்க்காதவர் என்று ஒரு வரி எழுதினால் சரி. குரல் உயரும் என்பது இருக்கட்டும். குறையே இல்லாத கடிதத்தை நானே நம்பமாட்டேன், அவர்கள் எப்படி நம்புவார்கள்?

சம்பளத்தை எழுதலாமா என்று அவளையே கேட்டுக்கொள். அங்கே பேரம் பேசும்போது அது இடைஞ்சலாக இருக்கும் என்றால் எடுத்துவிடலாம். இரண்டு காப்பி எடு, இரண்டிலும் சீல் வை. நாளை பதினொரு மணிக்குள் என் மேசையில் இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், மதியம் நான் ஈரோடு போகிறேன்.