பணிக்கொடைக் கணக்கு: கவிதாவுக்கு அத்தை எழுதுவது

தஞ்சாவூர்
12.5.2024

அன்புள்ள கவிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளி அலுவலகத்தில் உனக்குக் கிராஜுவிட்டி 1,28,700 ரூபாய் என்று சொன்னார்களாமே. கையெழுத்துப் போடாதே. கணக்கு தப்பு.

உன் அடிப்படைச் சம்பளம் 18,200, பஞ்சப்படி 5,200. இரண்டும் சேர்ந்து 23,400. வீட்டு வாடகைப்படி இதில் சேராது, அதை விட்டுவிடு. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளம்தான் கணக்கு. சேர்ந்தபோது என்ன வாங்கினாய் என்பதை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

இந்த 23,400ஐ அவர்கள் 30ஆல் வகுத்திருக்கிறார்கள். சட்டப்படி 26ஆல் வகுக்க வேண்டும். மாதத்தில் வார விடுமுறை நான்கையும் கழித்தால் வேலை நாள் 26தானே! அப்படிப் பார்த்தால் ஒரு நாள் சம்பளம் 900. ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், அதாவது 13,500.

அடுத்தது வருடம். நீ 2012 ஜூன் 4இல் சேர்ந்து 2024 ஏப்ரல் 30இல் விலகினாய். பதினோரு வருடமும் கிட்டத்தட்ட பதினோரு மாதமும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு வருடம். ஆகவே 12. அவர்கள் 11 என்று போட்டிருக்கிறார்கள். அர்ஜுன் பிறந்தபோது நீ எடுத்த பிரசவ விடுப்பைக் காட்டிக் குறைக்கப் பார்த்தால் அதற்கும் இடம் கொடுக்காதே. அதுவும் தொடர்ந்த பணிதான்.

13,500 × 12 = 1,62,000. உனக்கு வரவேண்டியது இது. 33,300 ரூபாய் குறைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளின் காசு அது.

தனியார் பள்ளி ஆசிரியருக்கு இது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களையும் சேர்த்துவிட்டார்கள். பள்ளிகள் வழக்குப் போட்டும் 2022இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நீயாக ராஜினாமா செய்தாலும் ஐந்து வருடம் முடித்திருந்தால் போதும்.

என் கணக்கோடு ஒப்பிட்டுக் குழம்பாதே. எனக்கு ஓய்வூதிய விதிப்படி கொடுத்தார்கள், அது வேறு. பி.எஃப். பணமும் தனி, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போதே ஒரு விண்ணப்பம் எழுதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிச் சம்பளம் மூன்றையும் குறித்து, இந்தக் கணக்கையும் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பு. நகல் ஒன்று உன்னிடம் இருக்கட்டும். ஏப்ரல் மாதச் சம்பள ரசீதையும் பத்திரமாக வை. விலகிய 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் வட்டியும் சேரும். தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தனியாகப் போகத் தயங்கினால் சொல், நானும் கூட வருகிறேன்.

மாப்பிள்ளையையும் அர்ஜுனையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அத்தை